ஒரே தாள், மூன்று குவியல்: மூன்றாம் வகுப்பில் பின்னம் நடத்திய கதை

எங்கள் பள்ளியிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். மூன்றாம் வகுப்பில் 31 பிள்ளைகள். பாதிப் பேருடைய வீட்டில் யாராவது ஒருவர் மீனோடு சம்பந்தப்பட்ட வேலை பார்க்கிறார். மற்றவர்களின் பெற்றோர் ஆட்டோ, துறைமுக லாரி, இட்லிக் கடை, வீட்டு வேலை என்று பல தொழில்களில் இருக்கிறார்கள். கால் கிலோ, அரை லிட்டர், முக்கால் மணி நேரம் என்ற சொற்களைக் கேட்காமல் இவர்களுக்கு ஒரு நாளும் போவதில்லை. அதனால் பின்னம் பாடம் லேசாக முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பயிற்சித்தாளைத் தயாரித்தேன்.

தாளில் இருந்தவை வழக்கமான கேள்விகள்தான். நான்காகப் பிரித்த வட்டத்தில் ஒரு துண்டுக்குக் கலர் அடித்திருக்கும், அதைப் பின்னமாக எழுத வேண்டும். மூன்றாகப் பிரித்த செவ்வகத்தில் இரண்டுக்குக் கலர். கோணலாக இரண்டாக வெட்டிய வட்டத்தைக் காட்டி ‘இது அரையா?’ என்று ஒரு கேள்வி. ‘நான்கில் மூன்று’ என்பதை எண்ணால் எழுது, 2/5 வரைந்து காட்டு, 1/3 பெரியதா 1/4 பெரியதா என்று இன்னும் மூன்று. ஏழாவது கேள்வி ‘8 மீனில் கால் பங்கு எத்தனை?’ மீதி மூன்றும் இதே ரகம்.

அன்றைக்கு வந்திருந்தவர்கள் 29 பேர். ஏழு பேர் எட்டும் அதற்கு மேலும் வாங்கினார்கள். எட்டுப் பேர் மூன்றைத் தாண்டவில்லை. மீதி 14 பேர் நடுவில். வகுப்பு மூன்றாகப் பிரிந்து நின்றதால் தாளையும் மூன்றாகப் பிரித்தேன். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் உண்டு. ஆனால் அந்த நிலைகள் பிள்ளையின் பொதுவான கற்றல் நிலையைப் பார்த்து வைப்பவை. ஒரு பாடத்தின் ஒரு தாளை மூன்றாகப் பிரிப்பது வேறு வேலை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

முதல் முறை நான் செய்தது இதுதான். குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கு எல்லாப் படங்களிலும் கோடு போட்டே கொடுத்து, ‘1/4 பங்குக்குக் கலர் அடி’ என்று கேட்டேன். நடுவில் இருந்தவர்களுக்குப் பழைய தாளையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். மேலே இருந்தவர்களுக்கு 3/8, 5/12 என்று எண்களைப் பெரிதாக்கினேன். மூன்று தாளையும் அடையாளம் காண நெத்திலி, சங்கரா, வஞ்சிரம் என்று பெயர் வைத்து மூலையில் மீன் படமும் போட்டேன். இதைவிட முட்டாள்தனமான பெயர்களை நான் தேடிப் பிடித்திருக்க முடியாது. காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு வஞ்சிரம் என்ன விலை, நெத்திலி என்ன விலை என்று சொல்லியா தர வேண்டும்? தாள் கைக்குப் போன அரை நிமிடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது: “டேய், நமக்கு நெத்திலிடா.”

சரி, பெயரை மாற்றிவிடலாம். பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கீழ்நிலைத் தாள் வாங்கிய எட்டுப் பேரும் பத்துக்குப் பத்து எடுத்தார்கள், அதுவும் பத்து நிமிடத்துக்குள். எனக்கு ஒரே சந்தோஷம். அந்த சந்தோஷம் மறுநாள் காலை வரைதான் இருந்தது. மறுநாள் ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களை நீள நீளமான பட்டைகளாக வெட்டி, ஆளுக்கொன்று கொடுத்து, “இது ஒரு கடலை மிட்டாய். இதில் கால் பங்கைக் கிழித்து என்னிடம் கொடுங்கள்” என்றேன். கீழ்நிலைத் தாளில் முழு மதிப்பெண் எடுத்த எட்டுப் பேரில் ஐந்து பேர் ஓரத்திலிருந்து ஏதோ ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். ஒருவன் பட்டையை நான்காகக் கிழித்தான். ஆனால் ஒரு துண்டு விரல் நீளம், இன்னொன்று நகம் அளவு. “இது நாலுல ஒண்ணு மிஸ்” என்று நகத்தளவுத் துண்டைக் கொடுத்தான். எண்ணிக்கை சரிதான்.

அப்போதுதான் என் தாளைத் திரும்பிப் பார்த்தேன். ஏற்கெனவே நான்காகக் கோடு போட்ட வட்டத்தில் ஒன்றுக்குக் கலர் அடிக்கப் பின்னம் தெரிய வேண்டியதில்லை. கீழே 4, மேலே 1, ஒன்றுக்குக் கலர் அடி, அவ்வளவுதான். முழுதைச் சம பாகமாக வெட்டுவது என்ற ஒரே ஒரு பின்ன வேலையை நானே செய்து கொடுத்துவிட்டேன். பிள்ளைக்கு மிஞ்சியது எண்ணுவதும் கலர் அடிப்பதும். தாளை எளிதாக்குவதாக நினைத்துக்கொண்டு பாடத்தையே உருவி எடுத்திருந்தேன்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. மேல்நிலைத் தாள் வாங்கிய ஏழு பேரில் இரண்டு பேரும் சமம் பார்க்காமல்தான் கிழித்தார்கள். எட்டு மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்! இது எப்படி என்று பழைய விடைத்தாள்களை மறுபடி எடுத்தேன். இந்த முறை மதிப்பெண்ணைப் பார்க்காமல், என்ன தப்பு என்று பார்த்துத் தரையில் குவியல் குவியலாக வைத்தேன். அரை மணி நேர வேலை. முதலிலேயே செய்திருக்க வேண்டியதும் இதைத்தான்.

மூன்று குவியல் வந்தது. ஆனால் பழைய மூன்றும் இந்த மூன்றும் ஒன்றல்ல.

முதல் குவியலில் ஒன்பது பேர். இவர்கள் துண்டுகளை எண்ணுகிறார்கள், துண்டுகள் சமமா என்று பார்ப்பதில்லை. அல்லது கலர் அடித்ததை மேலே போட்டு, கலர் அடிக்காததைக் கீழே போடுகிறார்கள். நான்கில் ஒன்றுக்குக் கலர் அடித்திருந்தால் 1/3 என்று எழுதுவார்கள், ஏனென்றால் கலர் இல்லாதவை மூன்று. இந்தக் குவியலில் ஏழு மதிப்பெண் எடுத்த ஒரு பெண் இருந்தாள். என் தாளில் ஒன்றைத் தவிர எல்லாப் படங்களும் சமமாகவே பிரிக்கப்பட்டிருந்தன. சமம் பார்க்காத பிள்ளைக்கு அந்தத் தாளில் மாட்டிக்கொள்ள இடமே இல்லை. 2/5 வரையச் சொன்ன கேள்விக்கு அவள் பெரிதும் சிறிதுமாக ஐந்து கட்டம் போட்டு இரண்டுக்குக் கலர் அடித்திருந்தாள். நான் அதற்கு ‘சரி’ போட்டிருந்தேன்.

இரண்டாவது குவியல் 12 பேர். இவர்களுக்குப் படம் புரிகிறது, சமம் தெரிகிறது. எழுதும்போதுதான் கவிழ்கிறார்கள். ‘நான்கில் மூன்று’ என்றால் 4/3. ‘எது பெரியது’ என்றால் 1/4, ஏனென்றால் “மூணை விட நாலு பெருசு மிஸ்”.

மூன்றாவது ஏழு பேர். ஒரு வட்டம், ஒரு செவ்வகம் என்று முழுது ஒரே பொருளாக இருக்கும்வரை எல்லாமே சரி. எட்டு மீன், 12 இட்லி என்று முழுதே ஒரு கூட்டமாக வந்தால் தடுமாறுகிறார்கள்.

எந்தக் குவியலிலும் சேராமல் ஒருவன் மிஞ்சினான். மூலக்கொத்தளத்திலிருந்து வரும் பையன், அம்மா மீன் விற்கிறவர். தாளில் அவனுக்கு இரண்டு மதிப்பெண். வாசிப்பது அவனுக்குச் சிரமம், கேள்விகளைப் பாதிக்கு மேல் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாயால் கேட்டேன். அரை கிலோவில் எத்தனை கால் கிலோ? “ரெண்டு.” ஒரு கிலோவில்? “நாலு.” கால் கிலோவில் பாதி? “நூத்தி இருபத்தஞ்சு.” யோசிக்கவே இல்லை. ஆகா, இவன் மூன்றாவது குவியல் என்று முடிவு கட்டிவிட்டு, “எட்டு மீன் இருக்கு. அதுல கால் பங்கு எத்தனை?” என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. “எந்த மீன் மிஸ்? சங்கராவா, நெத்திலியா?”

நெத்திலி என்றால் எட்டு மீன் சேர்ந்தாலும் கால் கிலோ வராது. சங்கரா என்றால் ஒரு மீனே கால் கிலோவைத் தாண்டலாம். அவனுடைய கேள்வி நியாயமானது. அவனுக்குக் ‘கால்’ என்பது ஒரு எடை. பின்னால் ‘கிலோ’ என்று சொல்லாமலே ஒட்டிக்கொண்டிருக்கும் எடை. வீட்டுப் பேச்சில் பழகிய பின்னச் சொற்கள் பாடத்துக்கு உதவும் என்று நம்பியிருந்தேன். உதவுகின்றன, ஆனால் எதனுடைய கால் என்ற பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகின்றன. அவனை இரண்டாவது குவியலில் சேர்த்தேன். கேள்வியை வாசித்துக் காட்டும் பொறுப்பைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்தேன்.

இனி இரண்டாவது முயற்சி. மூன்று தாளுக்கும் ஒரே பொருள், ஒரே படம்: 12 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பட்டை. பெயர் கடலை மிட்டாய். 12 என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. அரை 6, மூன்றில் ஒன்று 4, கால் 3, ஆறில் ஒன்று 2 என்று எல்லாமே முழு சென்டிமீட்டரில் விழும். கட்டம் போட்ட கணக்கு நோட்டிலும் 12 கட்டம் எண்ணி வரைந்துவிடலாம். வட்டத்தைத் தள்ளி வைத்தேன். எட்டு வயதுக் கையால் வட்டத்தை மூன்றாகப் பிரிக்க முடியாது. அது பின்னம் தெரியாததால் வரும் தப்பல்ல, கை வராததால் வருவது. இரண்டும் ஒரே தாளில் கலந்தால் நமக்குத்தான் குழப்பம்.

மூன்று தாளிலும் முதல் கேள்வி ஒன்றே: ‘ஒரு கடலை மிட்டாயை நாலு பேர் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு?’ அதற்குப் பிறகு தாள்கள் பிரியும்.

முதல் குவியலின் தாளில் பட்டை காலியாக இருக்கும், கோடே கிடையாது. மேலே மூன்று பட்டைகள் வெட்டிக் காட்டப்பட்டிருக்கும். ஒன்று சமமான நான்கு, ஒன்று சமமில்லாத நான்கு, ஒன்று சமமான மூன்று. ‘நாலு பேரும் சண்டை போடாமல் சாப்பிடக்கூடியது எது?’ இந்தக் கேள்வியில் ‘சண்டை போடாமல்’ என்ற சொல்தான் முக்கியம். ‘சமமாக’ என்று எழுதியபோது அதைத் தாண்டிப் போன பிள்ளைகள், ‘சண்டை’ என்றதும் துண்டுகளை அளந்து பார்த்தார்கள். அப்புறம் தனியாகக் கொடுத்த காகிதப் பட்டையை மடித்து, வெட்டி, ஒரு துண்டைத் தாளில் ஒட்ட வேண்டும். விடை எழுதும் இடத்தில் பின்னக் கோடு கிடையாது. ‘மொத்தம் ___ சம பாகம். எனக்கு ___ பாகம்’ என்று இரண்டு காலி இடம் மட்டும். இந்தத் தாளில் ஐந்தே கேள்விகள். வாசிப்பது, எழுதுவது, எண்ணின் அளவு, கேள்விகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் குறைத்தேன். சமமாக வெட்டும் வேலையை மட்டும் பிள்ளையிடமே விட்டேன்.

மடிப்பதில் ஒரு சின்ன விஷயம். இந்தக் குழுவுக்கு அரை, கால், அரைக்கால் மட்டும் போதும், ஏனென்றால் பாதியைப் பாதியாக மடித்துக்கொண்டே போகலாம். மூன்றாக மடிப்பது பெரியவர்களுக்கே இழுபறி. ஒரு முறை மடித்தால் இரண்டு, இரண்டு முறை மடித்தால் நான்கு. மூன்றாவது முறை மடித்துவிட்டு, பிரிப்பதற்கு முன் எத்தனை துண்டு இருக்கும் என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் சொன்ன விடை ஆறு. பிரித்தால் எட்டு. ஒருத்தி திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு, நான் காகிதத்தை மாற்றிவிட்டேன் என்று சந்தேகப்பட்டாள். அந்த ஐந்து நிமிடம் தாளில் இல்லாத பாடம்.

இரண்டாவது குவியலின் தாளை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. 12 பேர் ஏன் 4/3 என்று எழுதுகிறார்கள்? கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. நாம் ‘நான்கில் மூன்று’ என்கிறோம். முதலில் காதில் விழுவது நான்கு. எழுத்தில் முதலில் வருவது மேலே இருக்கும் எண். பிள்ளை கேட்ட வரிசையில் மேலிருந்து கீழே எழுதுகிறது. தமிழைச் சரியாகக் கேட்டதற்குத் தண்டனை மாதிரி சிவப்பு மையில் தப்பு போடுகிறோம்.

அதனால் எழுதும் வரிசையை மாற்றினேன். முதலில் கோடு. ‘நான்கில்’ என்று சொல்லிக்கொண்டே கோட்டுக்குக் கீழே 4. ‘மூன்று’ என்று சொல்லிக்கொண்டே மேலே 3. தாளிலும் கீழ்ப்பெட்டியைத் தடித்த கோட்டில் போட்டு, ‘முதலில் இங்கே’ என்று ஒரு அம்புக்குறி வைத்தேன். தலைகீழாக எழுதுவது இரண்டே நாளில் பெரும்பாலும் நின்றது. இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு. டியூஷனில் ‘ஒன் பை ஃபோர்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், அங்கே மேல் எண் முதலில் வரும். அந்தப் பிள்ளைகளிடம் கடையில் ‘ஒன் பை டூ சூப்’ கேட்டால் என்ன தருவார்கள் என்று கேட்டேன். “ஒரு சூப்ப ரெண்டு கப்புல ஊத்துவாங்க.” சரி, ஒரு சூப், ரெண்டு பேர். அதே வரிசையில் மேலே ஒன்று, கீழே இரண்டு. இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன என்று காட்ட இது போதுமாக இருந்தது. ஆனால் ஒரே வகுப்பு நேரத்தில் இரண்டையும் கலந்து பேசக் கூடாது என்று நானாக ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

இங்கே இன்னொரு பொறியையும் சொல்லியாக வேண்டும். கீழே வரும் எண்ணுக்குக் கணக்குப் புத்தகத்தில் பெயர் ‘பகுதி’, மேலே உள்ளதற்குத் ‘தொகுதி’. கேள்வியிலோ ‘வண்ணமிட்ட பகுதியை எழுது’ என்று வரும். பகுதி என்றால் கீழ் எண் என்று நேற்றுத்தான் சொல்லிக் கொடுத்திருப்போம். இன்றைக்கு வண்ணமிட்ட பகுதி என்றால் பிள்ளை வண்ணமிட்டதை எண்ணிக் கீழே போடுகிறது. முதல் தாளில் நானும் இப்படித்தான் எழுதியிருந்தேன். இப்போது மூன்று தாளிலும் துண்டு, பாகம், பங்கு என்ற சொற்கள்தான். தொகுதி, பகுதி என்ற பெயர்கள் எட்டு வயதில் ஒரு மாதம் கழித்து வந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

1/3, 1/4 சண்டைக்கு இந்தத் தாளில் இரண்டு பட்டைகள். ஒன்றை மூன்று பேருக்கும் இன்னொன்றை நாலு பேருக்கும் பிரித்து, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டும். மடிக்க வேண்டாம் என்பதற்காக 12 கட்டம் அச்சாகியிருக்கும். ஆனால் எங்கே வெட்டுவது என்று குறி இருக்காது. மூன்று பேருக்கு என்றால் ஆளுக்கு நாலு கட்டம், நாலு பேருக்கு என்றால் மூன்று கட்டம். பேர் கூடினால் துண்டு குறையும் என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கும். அதைப் பார்த்த பிறகும் ஒரு பையன் 1/4-ஐ வட்டமிட்டான். “துண்டு சின்னது, ஆனா நம்பர் பெருசு மிஸ்.” தான் பார்த்ததும் எழுதியதும் அவனுக்கு இரண்டு தனித்தனிச் செய்திகள். அவனுக்காகவே கேள்வியைத் திருத்தினேன்: ‘உனக்குக் கடலை மிட்டாய் நிறைய வேண்டும். எந்த வரிசையில் போய் நிற்பாய், 1/3 வரிசையிலா 1/4 வரிசையிலா?’ இதற்குத் தயங்காமல் 1/3.

மூன்றாவது குவியலின் தாளில் எண்களைப் பெரிதாக்கவில்லை. 5/12-க்குக் கலர் அடிப்பது 1/4-க்குக் கலர் அடிப்பதைவிடக் கடினமல்ல, நீளம்தான் அதிகம். முதல் முறை மேல்நிலைத் தாள் வாங்கியவர்கள் சலித்துக்கொண்டதில் தப்பில்லை. இப்போது முழுதை மாற்றினேன். எட்டுக் கடலை மிட்டாயில் கால் பங்கு என்பது ஒரு கேள்வி. இன்னொன்று தலைகீழ்க் கேள்வி: மூன்று கட்டம் வரைந்து, ‘இது ஒரு மிட்டாயின் கால். முழு மிட்டாயை வரை.’ ஏழு பேரில் மூன்று பேர் நாலு கட்டம் வரைந்தார்கள், கால் என்றால் நாலு என்பதால். மற்றவர்கள் 12 கட்டம் வரைந்தார்கள். அதில் ஒருத்தி நீளமாக வரையாமல் மூன்றுக்கு நாலு என்று சதுரம் மாதிரி வரைந்தாள். பக்கத்தில் இருந்தவன் அது தப்பு என்றான். இரண்டு பேரும் துண்டு துண்டாக எண்ணிப் பார்த்துவிட்டு அவர்களே சமாதானமானார்கள். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. போவதற்கு எனக்கு நேரமும் இல்லை, முதல் குழுவோடு தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிட வகுப்பில் ஆசிரியர் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். முதல் இருபது நிமிடம் நான் இல்லாமல் ஓடக்கூடிய கேள்வியை மூன்றாவது தாளில் வைக்கவில்லை என்றால் மூன்று தாளும் குப்பைதான்.

மூன்று தாளுக்கும் கடைசிக் கேள்வியும் ஒன்றே. இந்தக் கேள்விக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று தோன்றியது. ஒரு சதுரம். நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு, சரி பாதி. வலப்பக்கப் பாதியை மட்டும் குறுக்கே இன்னொரு கோடு இரண்டாக வெட்டுகிறது. ஆக மொத்தம் மூன்று துண்டு: ஒரு பெரியது, இரண்டு சிறியது. சிறியதில் ஒன்றுக்குக் கலர். ‘கலர் அடித்தது முழுச் சதுரத்தில் எவ்வளவு?’

விடை 1/4. ஆனால் எனக்கு உதவியது தப்பான விடைகள். சமம் பார்க்காமல் துண்டை மட்டும் எண்ணும் பிள்ளை 1/3 என்று எழுதும். கலர் அடித்தது ஒன்று, அடிக்காதது இரண்டு என்று பார்க்கும் பிள்ளை 1/2 என்று எழுதும். எல்லாம் புரிந்து, எழுத்தில் மட்டும் கவிழும் பிள்ளை 4/1 என்று எழுதும். ஒரே கேள்வி வகுப்பைக் குவியல் குவியலாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. முதல் நாளே பத்துக் கேள்விக்குப் பதில் இதை ஒரு துண்டுச் சீட்டில் கேட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஆறு வேலை நாட்கள் கழித்து இந்தக் கேள்வியை எல்லோருக்கும் கொடுத்தேன். அன்று வந்தவர்கள் 27 பேர். 18 பேர் 1/4. நான்கு பேர் 1/3. இரண்டு பேர் தலைகீழ். மூன்று பேர் 1/2. அந்த 1/2 மூவரையும் முதல் குவியலில் போடப் போனவள், எதற்கும் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இரண்டு பேர் நான் நினைத்தபடிதான், கலர் அடித்தது ஒன்று, அடிக்காதது இரண்டு. மூன்றாவது பெண் இடப்பக்கத்தைக் கையால் மறைத்து வலப்பக்கத்தை மட்டும் காட்டி, “இந்தப் பாதில பாதி மிஸ்” என்றாள். அவள் சொன்னது உண்மை. முழுதாக எடுத்துக்கொண்டது மட்டும் வேறு. அவளுக்கு மடிக்கும் தாள் தேவையில்லை, ‘எதனுடைய பாதி?’ என்று ஒரு கேள்வி போதும். ஆக, இந்தக் கேள்வியும் தாளில் தனியாக நின்றால் ஏமாற்றும். விடைக்குப் பக்கத்தில் பிள்ளையின் வாயும் வேண்டும். 27 பேரிடம் கேட்க முடியாது, 1/2 எழுதியவர்களிடம் கேட்கலாம்.

நான்கு பேர் இன்னும் 1/3-ல்தான் நிற்கிறார்கள். அதில் இரண்டு பேர் நடுவில் மூன்று நாள் வரவில்லை. மற்ற இருவருக்கும் பட்டையை மடித்தால் சமம் தெரிகிறது, சதுரத்தில் படமாகப் பார்த்தால் தெரிவதில்லை. நீளத்தில் கற்றதைப் பரப்பில் பார்க்க வரவில்லை. ஒரே பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியதற்கு நான் கொடுத்த விலை இது. இப்போது அவர்களுக்குச் சதுரக் காகிதம் கொடுத்து மடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் விஷயம். நெத்திலிக்குப் பிறகு பெயரே வேண்டாம் என்று மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி வைத்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் உதவியது வேறு: முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் எல்லோருக்கும் ஒன்று, படம் ஒன்று, தாளின் அளவும் ஒன்று. பக்கத்தில் எட்டிப் பார்த்தால் தன்னுடையது மாதிரியேதான் தெரியும். குழுவும் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாறும். ஏழு மதிப்பெண் எடுத்த அந்தப் பெண் முதல் குழுவில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு நேராக மூன்றாவதற்குப் போனாள். “ஒரே பாடத்துக்கு எதுக்கு மூணு பேப்பர் டீச்சர்?” என்று எச்.எம். கேட்டார். ஜெராக்ஸ் கணக்கு அவருக்குக் கவலை. முன்பும் ஆளுக்கு ஒரு நகல் எடுத்தோம், இப்போதும் ஆளுக்கு ஒன்றுதான் என்று காட்டியதும் விட்டுவிட்டார். தயாரிக்கும் நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்று தாளுக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, நானும் செய்யப் போவதில்லை.

மூலக்கொத்தளத்துப் பையனுக்காக ஏழாவது கேள்வியைத் திருத்தி எழுதினேன். ‘ஒரு தட்டில் 8 மீன். தட்டில் இருப்பது முழுவதையும் நாலு பேர் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு எத்தனை மீன்?’ பக்கத்துப் பையன் வாசித்துக் காட்டினான். இவன் விரல் விட்டு எண்ணவில்லை, உடனே ரெண்டு என்று எழுதிவிட்டு என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். சரி போட்டேன். தாளைத் திரும்ப வாங்கியவன் போகாமல் நின்றான்.

“எல்லா மீனும் ஒரே சைஸ்ல இருந்தாதான் மிஸ். இல்லாட்டி சண்ட வரும்.”